சினைக்கு விட்டதெல்லாம் திரும்பி வருகிறதா? ஆண் பன்றியைப் பாருங்கள், கூடவே காலண்டரையும்

போன வருடம் மே 16 அன்று வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பதினெட்டு தாய்ப்பன்றி, ஒரே ஆண் பன்றி வைத்திருப்பவர். "ஏனுங்ணா, ஏப்ரல் 24ல விட்டது நேத்து மறுபடி பருவத்துக்குத் திரும்பிருச்சு. இன்னிக்கு இன்னொண்ணு கத்துது. நம்மாளு நல்லாத்தான் ஏறுறான், நல்லாத்தான் திங்கிறான். பன்னிக்குத்தான் ஏதோ கோளாறு போல" என்றார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏப்ரல் முதல் பாதியில உங்க பண்ணைல என்ன நடந்துச்சு?"

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பன்றி வளர்க்கும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இன்று தெரியும் கோளாறுக்கு இன்றே காரணம் தேடுகிறார்கள். ஆண் பன்றியின் விரையில் ஒரு விந்தணு உருவாகி, குழாயில் முதிர்ந்து, வெளியே வரத் தயாராவதற்கு ஏறக்குறைய ஆறேழு வாரம் ஆகும். நடுவில் எந்த நாளில் சூடு பட்டாலும் அது பின்னால்தான் தெரிய வரும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் சரி, முதலில் காலண்டரைப் பின்னோக்கித் திருப்புங்கள்.

பல பன்றிகள் 21 நாள் வாக்கில் திரும்பினால்

ஒரே ஒரு தாய்ப்பன்றி மட்டும் திரும்பினால் கோளாறு அதனிடம் இருக்கலாம், அல்லது நீங்கள் பருவத்தைச் சரியாகக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வெவ்வேறு வயதில், வெவ்வேறு கொட்டிலில் இருக்கும் நாலைந்து பன்றிகள் ஒரே ஆணிடம் போய்த் திரும்பி வந்தால் ஆணைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஆண் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். எதை எதற்கு விட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பக்கமே பதில் சொல்லிவிடும்.

எத்தனையாவது நாளில் திரும்பியது என்பதும் முக்கியம். 18 முதல் 24 நாளுக்குள் என்றால் கரு தரிக்கவே இல்லை, அல்லது தரித்ததும் கலைந்துவிட்டது என்று பொருள். 25 நாளைத் தாண்டித் திரும்பினால் கரு தரித்து, கொஞ்ச நாள் இருந்து, பிறகு போயிருக்கிறது. பன்றிக்கு ஒரு விசித்திரம் உண்டு. பன்னிரண்டாம் நாள் வாக்கில் கருப்பையில் குறைந்தது நாலு கருவாவது இல்லாவிட்டால், இருக்கிற இரண்டு மூன்றையும் உடம்பு ஏற்றுக்கொள்ளாது, மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். அதனால் விந்து முழுக்கக் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பாதி கெட்டிருந்தாலே முழுத் தோல்வி மாதிரித் தெரியும்.

தம்பியின் கதைக்கு வருவோம். ஏப்ரல் 6ஆம் தேதி போர்வெல் மோட்டார் எரிந்து போயிருக்கிறது. சரிசெய்து திரும்பி வர 14ஆம் தேதி ஆகிவிட்டது. அந்த எட்டு நாளும் குடிக்கத் தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது, தெளிக்கத் தண்ணீர் இல்லை. ஆண் பன்றியின் கொட்டில் மேற்குப் பார்த்தது, மேலே தகரம். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்றிக்கு வேர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறன் கிட்டத்தட்ட இல்லை. கொட்டிலுக்குள் 30 டிகிரிக்கு மேல் மூன்று நாலு நாள் தொடர்ந்து நின்றாலே விந்து கெட ஆரம்பிக்கும். காளையின் விரை தொங்கிக் காற்றாடும், பன்றியின் விரை உடம்போடு ஒட்டியிருக்கும். உடம்பு சுட்டால் அதுவும் சுடும்.

அந்த எட்டு நாளில், ஏப்ரல் 8, 9 தேதிகளில் இரண்டு பன்றியை விட்டிருந்தார். இரண்டும் சினை பிடித்து நின்றுவிட்டன, திரும்பவில்லை. ஏனென்றால் அன்று வெளியே வந்தது சூடு படுவதற்கு முன்பே முதிர்ந்து தயாராக இருந்த விந்து. அடி பட்ட விந்து வெளியே வரத் தொடங்கியது பத்துப் பதினைந்து நாள் கழித்து. ஏப்ரல் 24க்கும் மே 8க்கும் நடுவில் ஆறு பன்றியை விட்டார். நாலு 20, 21, 22ஆம் நாட்களில் திரும்பின. ஏப்ரல் 28ல் விட்டது மே 24ல், அதாவது 26ஆம் நாளில் திரும்பியது. மே 4ல் விட்டது மட்டும் நின்றது. ஆகஸ்ட் 26ல் ஐந்தே குட்டி போட்டது.

இதற்கு நடுவே தம்பி இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஆணுக்குச் "சத்துக் குறைவு" என்று நினைத்து ஓட்டல் மிச்சத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார். அந்தக் கதை கீழே வருகிறது.

சூடு மட்டுமல்ல, காய்ச்சலும் இதையே செய்யும். பன்றியின் உடம்புச் சூடு 39 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தாலும், குளம்பில் சீழ் பிடித்து 40ஐத் தாண்டினாலும், அந்தத் தேதியைச் சுவரில் எழுதுங்கள். அதிலிருந்து ஏழு வாரம் வரை அந்த ஆணை நம்பிப் பண்ணை முழுவதையும் ஒப்படைக்காதீர்கள்.

விந்தை எடுத்துப் பார்ப்பது

ஊகத்தில் நிற்க வேண்டாம், எடுத்துப் பார்த்துவிடலாம். பருவத்தில் நிற்கும் பன்றி மேலோ, மரத்தில் செய்த பொம்மை மேலோ ஏறவிட்டு, திருகாணி மாதிரி முறுக்கியிருக்கும் குறி நுனியைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கருப்பை வாய் அப்படித்தான் பிடிக்கும். பிடி தளர்ந்தால் அது விந்தை விடாது. பவுடர் போட்ட ரப்பர் கையுறை வேண்டாம், விந்தணுவுக்கு அது விஷம். வினைல் கையுறை போடுங்கள். தொடங்குவதற்கு முன், தொப்புள் பக்கம் இருக்கும் முன்தோல் பையை அமுக்கி, உள்ளே தேங்கிய நாற்றச் சிறுநீரை வெளியேற்றித் துடைத்துவிடுங்கள். நாலு மடிப்பு மெல்லிய துணி கட்டிய, வெதுவெதுப்பான பிளாஸ்கில் பிடியுங்கள்.

முதலில் தண்ணீர் மாதிரி வரும் பத்துப் பதினைந்து மில்லியை விட்டுவிடுங்கள். அடுத்து வருவது பால் போல வெள்ளையாக இருக்கும், உயிரணு நிறைந்த பகுதி அதுதான். பிறகு மறுபடி நீர்த்துவிடும். இடையிடையே ஜவ்வரிசி வேகவைத்த மாதிரிக் கட்டி வந்து துணியில் தங்கும், அது இயல்புதான், பயப்பட வேண்டாம். எல்லாம் முடிய ஐந்து முதல் பத்து நிமிடம், மொத்தம் 150 முதல் 300 மில்லி. மஞ்சளாக இருந்து மூத்திர வாடை அடித்தால் சிறுநீர் கலந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக இருந்தால் குறியில் எங்கோ காயம். பால் பகுதியே இல்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை அரிசி கழுவிய தண்ணீராக வந்தால் வேலை அதிகமாகிவிட்டது, அல்லது விரையில் உற்பத்தி குறைந்துவிட்டது. அளவைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். உயிரணு குறைந்தாலும் அளவு குறையாது.

மைக்ராஸ்கோப்புக்கு மிருகாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மே 18 அன்று தம்பியோடு நானும் போனேன். ஏசி போட்ட அறை. மேசையில் இருந்த கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், நூற்றில் பத்துகூட நகரவில்லை. தம்பியின் முகம் செத்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். அதில் நூற்றுக்கு நாற்பது முன்னோக்கி நீந்தியது. பன்றி விந்துக்குக் குளிர் ஆகவே ஆகாது. கண்ணாடி, குழாய் எல்லாம் 37 டிகிரியில் இல்லாவிட்டால் நல்ல விந்தும் கெட்டது மாதிரித்தான் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அப்படியே. எனவே ஒரு தடவை பார்த்ததோடு ஆணைக் கறிக்கு அனுப்பிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா இருந்த ஆணிடம் முதலில் வருவது பழைய சரக்கு. அதைக் கொட்டிவிட்டு மூன்று நாலு நாள் கழித்து எடுப்பதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

எழுபது சதவீதத்துக்கு மேல் முன்னோக்கி நீந்தி, வால் சுருண்டது, தலை உடைந்தது போன்றவை இருபதுக்குள் இருந்தால் கவலையில்லை. தம்பியின் ஆணுக்கு நாற்பதுதான், வால் சுருண்டது ஏராளம். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை, தரவும் முடியாது. வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக் கொட்ட வேண்டும், கொட்டிலைக் குளிர வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூன் 1ல் அறுபது ஆனது, ஜூன் 10ல் எழுபத்தைந்து. மோட்டார் திரும்பி வந்த ஏப்ரல் 14லிருந்து எண்ணினால் எட்டு வாரம்.

அந்த இடைவெளியில் பருவத்துக்கு வரும் பன்றிகளை என்ன செய்வது? பக்கத்துப் பண்ணை ஆணை இரவல் வாங்கலாமே என்றார் தம்பி. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். 2022ல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து ஒரு பண்ணை ஆணை இன்னொரு பண்ணைக்குள் விடுவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். அதற்குத் தடுப்பூசியை நம்பி இருக்கிற நிலைமை இல்லை, வந்தால் கொட்டில் காலிதான். திரவ விந்து வாங்கிச் செயற்கைக் கருவூட்டல் செய்யலாம். அதை 17 டிகிரியில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும்.

குளிர வைப்பது பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பது வீண். ஒன்றிரண்டு நிமிடம் நனைத்து, அரை மணி நேரம் காய விட்டு, மறுபடி நனையுங்கள். காயும்போதுதான் சூடு இறங்கும். நமக்குக் கணவாய்க் காற்று இருக்கிறது, சுவரை இடுப்பு உயரத்தோடு நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போடுங்கள். சேர்க்கையைக் காலை ஆறு மணிக்கோ, பொழுது சாய்ந்தோ, தீவனம் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் விட்டது பதினொன்று, கடைசியில் விட்டது ஐந்து குட்டி

இது சூட்டுக் கோளாறு அல்ல, வேலைப்பளு. நோட்டை எடுத்து, ஒரே வாரத்தில் விட்ட பன்றிகளை விட்ட வரிசையில் எழுதி, எதிரே குட்டி எண்ணிக்கையைப் போடுங்கள். வரிசையில் கீழே போகப் போகக் குட்டி குறைந்தால் ஆண் காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது.

வருடம் முழுக்கப் பார்த்தால் நன்கு வளர்ந்த ஓர் ஆணுக்கு பதினைந்து இருபது தாய்ப்பன்றி பெரிய பாரமில்லை. பாரம் வருவது நாம் குட்டி பிரிக்கும் விதத்தில். ஆறு தாயிடமிருந்து ஒரே நாளில் குட்டியைப் பிரித்தால், நாலு முதல் ஏழு நாளுக்குள் ஆறும் பருவத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை விடுவது நம் வழக்கம். ஆக மூன்று நாளில் பன்னிரண்டு சேர்க்கை. வளர்ந்த ஆணுக்கு வாரத்துக்கு ஐந்துதான் சரியான அளவு. ஒரு வயதுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று. எட்டு மாதத்தில் தொடங்கும் இளசுக்கு முதல் மாதம் வாரத்துக்கு ஒன்றே போதும்.

தீர்வு ஆணிடம் இல்லை, காலண்டரில் இருக்கிறது. மூன்று தாயை இந்த வியாழன், மூன்றை அடுத்த வியாழன் பிரியுங்கள். அது முடியாத வாரத்தில் இரண்டாம் சேர்க்கைக்கு மட்டும் விந்து வாங்கிப் போடுங்கள்.

ஏறுகிறது, உடனே இறங்கிவிடுகிறது

ஆசை இருந்தும் நிற்க முடியாத ஆண் இது. ஏறும்போது உடம்பின் முழுப் பாரமும் பின்னங்கால் இரண்டில் நிற்கிறது. சேர்க்கை முடிய பத்து நிமிடம்கூட ஆகும் மிருகத்துக்குக் குளம்பில் ஒரு சிறு வெடிப்பு போதும். மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிடும். சிலர் இதைப் பார்த்து "வீரியம் போச்சு" என்று ஊசி போடச் சொல்கிறார்கள்.

ஆணைக் காய்ந்த சிமெண்ட் தரையில் நடக்க விட்டு, பக்கத்தில் இருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். அடி வைப்பது குட்டையாகிறதா, ஒரு காலை மட்டும் நுனியில் ஊன்றுகிறதா, படுத்து எழும்போது நாய் மாதிரி உட்கார்ந்து யோசிக்கிறதா என்று கவனியுங்கள். படுத்திருக்கும்போது குளம்பைக் கழுவி, உள்ளங்காலும் சுவரும் சேரும் கோட்டைப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் பின்னங்கால் வெளி விரலில் இருக்கும்.

அடுத்து தரை. புறங்கையை முஷ்டியாக்கித் தரையில் தேய்த்துப் பாருங்கள். உங்கள் தோல் உரிந்தால் குளம்பும் தேயும். புதுச் சிமெண்ட் என்றால் செங்கல்லால் தேய்த்து, இரண்டு மூன்று முறை கழுவி, அப்புறம் விடுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் தரையில் குளம்பு ஊறி மெத்தென்று ஆகி வெடிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னவனே இதையும் சொல்கிறேன். அதனால்தான் தரைக்கு ஒரு மீட்டருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சரிவு வேண்டும். சேர்க்கை நடக்கும் இடத்தில் ரப்பர் விரிப்போ காய்ந்த மணலோ போடுங்கள்.

வெடிப்பு சிறியது என்றால் பத்து லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ மயில்துத்தம் கரைத்து, கழுவிய காலை ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள், வாரம் இரண்டு முறை. ஆண் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீர் மீன் குளத்துக்கும் போகக் கூடாது. கணுவுக்கு மேல் வீங்கிச் சூடாக இருந்தால் இதெல்லாம் பத்தாது, டாக்டர் வர வேண்டும். பயோட்டின், துத்தநாகம் கலந்த தாது உப்பு உதவும். ஆனால் குளம்பு மெதுவாக வளர்வது, பலன் தெரியப் பல மாதம் ஆகும்.

பக்கத்தில் பெண் நின்றாலும் படுத்தே கிடக்கிறது

வெயிலும் இல்லை, கால் வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் கொழுப்பு. இடுப்பெலும்பு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். எவ்வளவு அழுத்தியும் மெத்தை மாதிரியே இருந்தால் தீவனத்தைக் குறைக்க வேண்டும்.

வளர்ந்த ஆணுக்கு 14, 15 சதவீதப் புரதம் உள்ள காய்ந்த தீவனம் நாளுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ போதும். நம்மில் பலர் ஓட்டல் மிச்சம் போடுகிறோம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ஒரு நாள் முழுக்கச் சோறு, மறுநாள் முழுக்க எண்ணெய். தம்பி ஒரு வாளியை இரண்டாக்கியதில் ஒரே மாதத்தில் ஆண் உருண்டுவிட்டது. சோற்றில் கொழுப்பு ஏறும், விந்துக்குத் தேவையான புரதமும் துத்தநாகமும் ஏறாது. ஒரு வாளியை நிறுத்தி, பதிலாக ஒரு கிலோ கலப்புத் தீவனமும் தாது உப்பும் வைக்கச் சொன்னேன். திடீரென்று பட்டினி போடாதீர்கள், அதற்கும் விந்து குறையும். ஆறு வாரத்தில் மெல்ல இறக்குங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் மலிவாகக் கிடைத்தாலும் ஆணுக்கு வேண்டாம். ஓட்டல் மிச்சத்தைக் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்க வைக்காமல் எந்தப் பன்றிக்கும் வைக்காதீர்கள், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உள்ளே வரும் பெரிய வாசல் அதுதான்.

எதையும் சரிசெய்ய முடியாவிட்டால்

இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தும் விந்து ஏறவில்லை, அல்லது ஒரு விரை மட்டும் வீங்கியோ சுருங்கியோ இருக்கிறது என்றால் மாற்றுங்கள். விரை வீங்கியது கூடவே தாய்ப்பன்றிகளுக்குக் கருவும் கலைந்தால் புருசெல்லா பரிசோதனை செய்யாமல் அந்த ஆணை யாருக்கும் விற்கக் கூடாது. அது மனிதனுக்கும் தொற்றும். இளம் பெண் பன்றிகள் தாங்க முடியாத எடைக்குப் போய்விட்டாலும், அதன் மகள்களே சினைக்கு வரும் வயதை எட்டிவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

புது ஆணை ஆறு மாத வயதில் வாங்குங்கள், எட்டு மாதத்தில் அல்ல. ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்க்கவும், இடம் பழகவும் அந்த இரண்டு மாதம் வேண்டும். கூட்டத்தில் பெரியதைக் கைகாட்டுவது நம் பழக்கம். நான் முதலில் தாயின் நோட்டைக் கேட்பேன், பத்துக்கு மேல் போட்டு வளர்த்த தாயாக இருக்க வேண்டும். அப்புறம் கால். முழங்காலும் கணுவும் தூண் மாதிரி நேராக இருந்தால் வேண்டாம், சற்றே மடங்கி வில் மாதிரி இருக்க வேண்டும். ஒரு குளம்பின் இரண்டு விரலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு விரை, இரண்டும் சமமாக, கெட்டியாக. கூடப் பிறந்த எதற்காவது குடலிறக்கம் இருந்தால் அந்த ஈற்றையே விட்டுவிடுவேன். காம்பையும் எண்ணுங்கள், ஆணுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் அது மகள்களுக்குப் போகும்.

தம்பி பழைய ஆணை விற்கவில்லை. ஜூன் நடுவிலிருந்து வாரத்துக்கு நாலு சேர்க்கையோடு அது ஓடுகிறது. அக்டோபரில் ஆறு மாத யார்க்‌ஷயர் ஒன்று வாங்கினார். டிசம்பரில், இரண்டு ஈற்றுக் கண்ட சாதுவான தாயிடம் அதை முதல் முறை விட்டார். மார்ச் வெயில் தொடங்கும்போது அதற்கு பதினோரு மாதம் ஆகியிருக்கும். பழையதற்கு ஓய்வு தேவைப்பட்டால் வாரத்துக்கு மூன்று சேர்க்கையை அது தாங்கும். ஸ்பேர் மோட்டார் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்.